பேச்சி ஒருத்திதான், எழுத்துதான் மூணு

"அண்ணாச்சி, வணக்கம். எங்க மக பேச்சியம்மாள் பாளையங்கோட்டைல பி.காம். ரெண்டாம் வருசம் படிக்கா. பத்தாங்கிளாஸ் மார்க் சீட்டுல PETCHIAMMAL M-னு இருக்கு. ஆதார்ல Pechiyammal, இனிஷியல் கிடையாது. பேங்க் புக்குல M PECHIAMMAL. புதுமைப் பெண் ஆயிரம் ரூவா மாசாமாசம் வந்துக்கிட்டுதான் இருக்கு. நான் பீடி சுத்துறதுக்காக எம்புள்ளைக்கு வார மத்திய அரசு ஸ்காலர்ஷிப்ப மட்டும் 'பேரு ஒத்துப் போகல'ன்னு காலேஜ்ல திருப்பிட்டாங்க. கடைசித் தேதிக்கு மூணு வாரந்தான் இருக்கு. ஒருத்தரு ஆதாரை மாத்துங்காரு. ஒருத்தரு கெசட்ல போடணும்ங்காரு. இன்னொருத்தரு மார்க் சீட்டு பேருல புதுசா பேங்க் கணக்கு தொடங்கச் சொல்லுதாரு. எதையாவது மாத்தப்போயி வார ஆயிரமும் நின்னுருமோன்னு பயமா இருக்கு. சின்னவன் ஒம்பதாங்கிளாஸ் படிக்கான், அவனுக்கும் இப்படித்தானா?"
ஒரு பீடித் தொழிலாளி, முக்கூடல்

தங்கச்சி, அந்த மூணாவது ஆள் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். மற்ற இரண்டையும் பிறகு பேசலாம். புதுக் கணக்கு யோசனைதான் இதில் உடனே கையைச் சுடும்.

நான் வங்கியில் இருந்தபோது ஆற்றங்கரை ஊர்க் கிளை ஒன்றில் ஒரு தகப்பனார் வந்தார். மகளுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை ஒன்பது மாதமாக வரவில்லை என்றார். பாஸ்புக்கை அச்சடித்துப் பார்த்தால் வரவே இல்லை. அரசாங்கப் பட்டியலில் மாதா மாதம் 'பணம் போய்ச் சேர்ந்தது' என்றே இருந்தது. விசாரித்ததில், பெயர் சரியாக இருக்கட்டும் என்று வீட்டு வாசலுக்கு வந்தவர் ஒருவரிடம் அவர் மகள் பெயரில் இன்னொரு கணக்கு தொடங்கியிருக்கிறார். படிவத்தின் கீழே 'நேரடிப் பயன்களைப் பெற இந்தக் கணக்கோடு ஆதாரை இணைக்கச் சம்மதம்' என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் அடித்து விரலை வைத்தாயிற்று. அன்றிலிருந்து பணம் முழுக்க அந்தப் புதுக் கணக்கில் தூங்கிக் கிடந்தது. நல்லவேளை, தொலைந்துபோகவில்லை.

ஆதார் எண் வழியாக அரசு அனுப்பும் பணத்துக்குப் பெயரும் தெரியாது, கணக்கு எண்ணும் தெரியாது. வங்கிகளுக்கிடையே பணம் போய்வர வழிசெய்யும் என்.பி.சி.ஐ. என்ற அமைப்பு வைத்திருக்கும் பட்டியலில் ஒரு ஆதார் எண்ணுக்கு எதிரே ஒரே ஒரு வங்கியின் பெயர்தான் இருக்கும். கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அந்த வங்கி. பணம் அங்கே போகும். அந்த வங்கி தன்னிடம் அந்த ஆதார் எண்ணோடு சேர்ந்த கணக்கில் வரவு வைக்கும். இந்த வழியில் Petchi என்றா Pechi என்றா எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் மகளுக்கு மூன்று எழுத்து இருந்தும் ஆயிரம் ரூபாய் தடங்கலில்லாமல் வருவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஆதாரில் பெயரைத் திருத்தினாலும் பன்னிரண்டு இலக்க எண் மாறாது. எண் மாறாததால் பட்டியலில் இருக்கும் வங்கியும் மாறாது.

எதற்கும் இன்றைக்கே ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மகளின் போனில் `myaadhaar.uidai.gov.in` தளத்துக்குள் போய், ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்தால் `Bank Seeding Status` என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் வரும் வங்கியும் ஆயிரம் ரூபாய் வரவாகும் பாஸ்புக்கின் வங்கியும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். இனி ஆறு மாதத்துக்கு எந்த வங்கியிலும் எந்தப் புதுக் கணக்கும் வேண்டாம், ஏற்கெனவே உள்ளதை மூடவும் வேண்டாம்.

அப்படியானால் பெயர் எங்கேதான் இடிக்கிறது? இரண்டு வாசலில். ஒன்று இயந்திர வாசல். விண்ணப்பத்தில் உள்ள பெயரை ஆதார் பெயரோடு கணினியே ஒப்பிடும் இடம் அது. மற்றது மனுஷ வாசல். மார்க் சீட்டையும் விண்ணப்பத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு அலுவலர் பார்க்கும் இடம். உங்கள் மகள் தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஆதார் பெயரிலேயே பதிந்திருக்க வேண்டும், அதனால்தான் இயந்திர வாசலைத் தாண்டிவிட்டாள். கல்லூரியில் சரிபார்க்கும் அலுவலர் மார்க் சீட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் நின்றுவிட்டாள். அதாவது, இந்த மூன்று வாரத்தில் நீங்கள் சமாதானம் சொல்ல வேண்டியது ஒரு மனுஷருக்கு.

இதைப் பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், ஒரே பேர்தான் என்று எழுதிக்கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தை இயந்திரம் படிக்காது, மனுஷர் படிப்பார். ஆதார் திருத்தமோ சில நாளில் முடிந்தாலும் முடியும், முப்பது நாள் வரையும் இழுக்கும், சமயத்தில் அதற்கு மேலும் போகும். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆதாரில் கை வைத்தால், விண்ணப்பம் பாதி வழியில் நிற்கும்போது ஆதார் பெயர் மாறும். அப்போது இதுவரை தாண்டிய இயந்திர வாசலே மூடிக்கொள்ளலாம். ஆகவே இந்த வருடத்துக்குப் பத்திரம், விண்ணப்பம் சரிபார்ப்பு முடிந்த பிறகு ஆதார். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பத்திரம் என்றதும் பயப்பட வேண்டாம். முதலில் கல்லூரியில் கேளுங்கள், வெள்ளைத் தாளில் மாணவியின் உறுதிமொழியும் முதல்வரின் கையெழுத்தும் போதுமா என்று. பல இடங்களில் போதும். நோட்டரி வேண்டும் என்றால் அப்போது வக்கீலிடம் போகலாம். எதுவானாலும் கையெழுத்துப் போட வேண்டியது மகள், நீங்கள் அல்ல. அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. வாசகம் இவ்வளவுதான்:

"எனது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் PETCHIAMMAL M எனவும், ஆதார் அட்டையில் Pechiyammal எனவும், வங்கிக் கணக்கில் M PECHIAMMAL எனவும் உள்ள பெயர்கள் மூன்றும் என்னையே குறிக்கும். M என்பது என் தந்தையின் பெயரான முருகன் என்பதன் முதலெழுத்து. தமிழில் என் பெயர் பேச்சியம்மாள்."

முருகன் இருக்கும் இடத்தில் உங்கள் வீட்டுக்காரர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அந்தந்த ஆவணத்தின் எண்ணைச் சேருங்கள். ஆதாரின் கடைசி நான்கு இலக்கம் போதும். நான் பார்த்த பத்திரங்களில் பாதி வீணாய்ப்போனதற்கு ஒரே காரணம், தட்டச்சு செய்தவர் 'எல்லாம் ஒன்றுதானே' என்று மூன்று இடத்திலும் ஒரே எழுத்தாக அடித்துவைத்தது. எழுத்து வேறாக இருப்பதைச் சொல்லத்தான் இந்தப் பத்திரமே. தாளை வாங்கும்போது விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்துப் பெயர்களுக்கே இது ஒரு சாபம். பேச்சி, இசக்கி, சுடலை, மாசானம் என்று குலதெய்வத்தின் பெயரை வைக்கிறோம். பேச்சியை வெள்ளைக்கார எழுத்தில் எழுத ஒரு வழியா? பழைய ஆட்கள் 'ச்ச'வுக்கு tch போடுவார்கள், பிச்சையா Pitchaiah ஆனதும் நாச்சியார் Natchiar ஆனதும் அப்படித்தான். பள்ளிக்கூடத்து வாத்தியார் அந்த வழக்கத்தில் எழுதினார். ஆதார் முகாமில் கணினி முன் இருந்த பையன் காதில் விழுந்தபடி அடித்தான். வங்கியில் நாங்கள் எங்கள் பங்குக்கு இன்னொரு விதமாக அடித்தோம். இதில் ஒருவரும் தப்புச் செய்யவில்லை, அதுதான் சங்கடம்.

இனி, மூன்றில் எதை நிலையாக வைப்பது? மார்க் சீட்டை. படித்த பிள்ளைக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை. ஆதாரையும் வங்கியையும் அரை நாளில் விண்ணப்பித்து மாற்றலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்ற, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் வேறு மாதிரி இருப்பதைக் காட்டி, தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும். அதை மாற்றினால் பிளஸ் டூ சான்றிதழையும் மாற்ற வேண்டும், கல்லூரிப் பதிவையும் மாற்ற வேண்டும். நாளைக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுதினாலும் பாஸ்போர்ட் எடுத்தாலும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். எழுத்து அழகாக இருக்கிறதா, எண்கணிதம் பொருந்துகிறதா என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். PETCHIAMMAL M என்பதே இனி அவள் பெயர், tch-உம் கடைசியில் நிற்கும் M-உம் உட்பட.

கெசட் யோசனையும் இங்கேயே முடிந்துபோகிறது. கெசட் என்பது பெயரை மாற்றுகிறவர்களுக்கு. பேச்சியம்மாளைப் பிரியா ஆக்க வேண்டுமென்றால் கெசட் வேண்டும், ஆதார்க்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். உங்களுடையது எழுத்துத் திருத்தம். தேவையில்லாமல் கெசட்டில் போட்டால் 'பழைய பெயர்', 'புதிய பெயர்' என்று இரண்டு உண்டாகும், அதன் நகலை ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும்.

உதவித்தொகை விண்ணப்பத்தைக் கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்பிவிட்டது என்று தெரிந்த பிறகு ஆதார் மையத்துக்குப் போங்கள். போகும்முன் அதே தளத்தில் `Aadhaar Update History` என்பதைத் திறந்து, முன்பு எப்போதாவது பெயரைத் திருத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆதாரில் ஒருவர் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் திருத்தலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மண்டல அலுவலகம் வரை விண்ணப்பித்து அலைய வேண்டும். இதுவரை திருத்தியதில்லை என்றால் இது முதல் தடவை. இரண்டாவதைப் பத்திரமாக வையுங்கள். கல்யாணம் ஆனதும் புருஷன் இனிஷியலுக்கு மாற்றுகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதைச் செய்யவே வேண்டாம், இப்போது படுகிற பாடெல்லாம் அன்றைக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அது உங்கள் வீட்டு விஷயம்.

போட்டோ உள்ள பத்தாம் வகுப்பு மார்க் சீட்டின் அசல் கையில் இருக்கட்டும். நகல் செல்லாது, அசலைத்தான் ஸ்கேன் செய்வார்கள். மையத்தில் இருப்பவர் பெயரை அடித்ததும் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில், மார்க் சீட்டில் எப்படியோ அப்படியே PETCHIAMMAL M. M முன்னால் போகக்கூடாது. சான்றில் இல்லாத புள்ளியும் வேண்டாம். சான்றுக்கும் விண்ணப்பத்துக்கும் சின்ன வித்தியாசம் இருந்தாலும் மேலே நிராகரித்துவிடுவார்கள், பிறகு மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு.

அடுத்தது தமிழ். இதை யாரும் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தை அடித்தால் கணினி தானாகவே தமிழில் எழுதிக்கொள்ளும். Petchiammal என்று அடித்தால் அது 'பெட்சியம்மாள்' என்று எழுதும் வாய்ப்பு அதிகம். நம் பேச்சி எங்கே, பெட்சி எங்கே! இதுவரை சரியாக இருந்த தமிழ்ப் பெயரையும் கெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள் உண்டு. தமிழ்க் கட்டத்தில் கையால் 'பேச்சியம்மாள்' என்று திருத்தச் சொல்லி, அதன் பிறகே விரலை வையுங்கள். பதினைந்து வயதுக்கு மேல் எடுக்க வேண்டிய கைரேகை, கருவிழிப் பதிவு அவளுக்கு எடுத்தாயிற்றா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அது விட்டுப்போயிருந்தால் பெயர் சரியாக இருந்தும் வேறு இடத்தில் தடை வரும். ரசீதில் உள்ள எண்ணை வைத்துத் திருத்தம் முடிந்ததா என்று தளத்திலேயே பார்க்கலாம்.

முடிந்ததும் அந்த `Aadhaar Update History` பக்கத்தை மறுபடி இறக்கி அச்செடுத்து வையுங்கள். இன்ன தேதி வரை Pechiyammal, அதன் பின் PETCHIAMMAL M, ஆதார் எண் ஒன்றே என்று அதில் இருக்கும். பழைய பெயருக்கும் புதுப் பெயருக்கும் நடுவே பாலம் போடுகிற காகிதம் அதுதான். நோட்டரி பத்திரத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அதைக் கொடுப்பது ஆதார் ஆணையம். அடுத்த வருடம் உதவித்தொகையைப் புதுப்பிக்கும்போது தளத்தில் பழைய பெயரே நின்றால், கல்லூரி அலுவலரிடம் முதலில் இதைக் காட்டி, அவர் சொன்ன பிறகு சமர்ப்பியுங்கள்.

வங்கி கடைசி. திருத்திய ஆதார், மார்க் சீட்டு, பாஸ்புக், பெயரைத் திருத்தக் கோரும் கடிதம் ஆகியவற்றோடு மகளே கிளைக்கு நேரில் போகட்டும். அங்கே கேட்க வேண்டியது, "பாஸ்புக்கில் பெயர் மாற்றித் தாருங்கள்" என்று அல்ல. "வாடிக்கையாளர் எண்ணில், அதாவது சி.ஐ.எஃப்.பில் பெயரைத் திருத்துங்கள்" என்று. பாஸ்புக் அட்டையில் பேனாவால் திருத்திக் கொடுத்து அனுப்பிவிட்ட கூத்தும் நடந்திருக்கிறது, உள்ளே கணினியில் பழைய பெயரே இருக்கும். கணக்கு எண் மாறாது, ஆதார் இணைப்பும் அப்படியே இருக்கும்.

இந்தக் கணக்கு அவள் பள்ளியில் படிக்கும்போது தொடங்கியதாக இருந்தால் இன்னொன்று. மைனர் கணக்காகத் தொடங்கியது, பதினெட்டு முடிந்த பிறகு மேஜர் கணக்காக மாற்றியிருக்க வேண்டும். புதிதாகக் கே.ஒய்.சி.யும் அவளுடைய மாதிரிக் கையெழுத்தும் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் கணக்கை நிறுத்திவைத்துவிடுவார்கள். அன்றைக்கு ஆயிரம் ரூபாய் நின்றால், பெயரை மாற்றியதால்தான் நின்றது என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். பெயர் திருத்தத்தோடு சேர்த்து இதையும் அன்றே முடித்துவிடுங்கள். கையெழுத்தைத் தமிழிலேயே போடச் சொல்லுங்கள். 'பேச்சியம்மாள்' என்று கையெழுத்துப் போடுகிறவளிடம் tch எங்கே என்று எவரும் கேட்க முடியாது.

வங்கியில் உண்மையாகவே மாறியதா என்று தெரிய ஒரு சின்ன வழி இருக்கிறது. கிளையில் சொல்லிய நாள் கழிந்ததும் உறவினர் யாராவது அவள் யூ.பி.ஐ. எண்ணுக்கு ஒரு ரூபாய் அனுப்பட்டும். அனுப்பும் திரையில் வங்கியில் பதிந்துள்ள பெயர் வரும். அங்கே PETCHIAMMAL M என்று வந்தால் சரி. பழைய பெயரே வந்தால் கிளைக்கு இன்னொரு நடை.

அவளுக்குப் பான் அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இப்போது எடுக்க வேண்டாம். இணையத்தில் உடனே கிடைக்கும் பான், ஆதாரில் இருக்கும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆதாரைத் திருத்தும்முன் எடுத்தால் திருத்த வேண்டிய தாள் ஒன்று கூடும்.

சின்னவனுக்கு இப்போதே பார்த்துவிடலாம், அவனுக்குத்தான் வேலை குறைவு. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது, பள்ளியின் எமிஸ் என்ற கணினிப் பதிவில் உள்ள விவரத்தைக் காட்டி, சரி என்று மாணவனிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். பல வீடுகளில் பிள்ளையே அப்பா கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிடுவான். அந்தத் தாள் வரும்வரை காத்திருக்காமல், அவன் ஆதாரை எடுத்துக்கொண்டு இந்த வாரம் வகுப்பாசிரியரைப் பாருங்கள். எமிஸில் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது, இனிஷியல் முன்னாலா பின்னாலா, தமிழில் எப்படி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளபடி ஒரே எழுத்தாக இப்போதே ஆக்கிவிடலாம். மார்க் சீட்டு இன்னும் அச்சாகவில்லை.